நூறில் கட்டிப்போட்ட கேபிள்

துடைப்ப அலமாரிக்குள் ஒரு கேமரா பொருத்த வேண்டும் என்று ராமேஸ்வரத்து லாட்ஜ் மேனேஜர் ஒருவர் போனில் கேட்டபோது, சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை கேட்டேன். இரண்டாவது தடவையும் அதையேதான் சொன்னார்.

"தொடப்பம் வைக்கிற அலமாரிக்குள்ளயா அண்ணே?"

"ஆமாம்மா. உள்ளுக்குள்ள. கதவத் தொறந்தா மூஞ்சி தெரியணும்."

நான் ராமநாதபுரத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறவள். லாட்ஜ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், இறால் கம்பெனி, யார் கூப்பிட்டாலும் ஸ்கூட்டரில் ஏணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவேன். ஏணி அங்கேயே இருக்கும் என்பார்கள். போய்ப் பார்த்தால் இருக்காது. இருபது வருஷமாக இதே கதைதான். பொம்பளைப் பிள்ளை ஏணியில் ஏறுவதை வேடிக்கை பார்க்க மட்டும் நாலு பேர் எங்கிருந்தோ வந்துவிடுவார்கள், ஏணியைப் பிடிக்க ஒருத்தர் வரமாட்டார். கேமராவை விசித்திரமான இடங்களில் வைக்கச் சொல்லிக் கேட்டதுண்டு. உண்டியலுக்கு மேலே, நாய்க்கூண்டுக்குள்ளே, ஒருவர் பக்கத்து வீட்டு மாமரத்தைப் பார்த்தபடி. துடைப்பத்துக்கு வைக்கச் சொன்னது இவர் ஒருவர்தான்.

மறுநாள் மத்தியானம் பாம்பன் பாலத்தில் காற்று ஸ்கூட்டரைத் தள்ளத் தள்ள, போய்ச் சேர்ந்தேன்.

அந்த லாட்ஜுக்கு இரண்டு கட்டடங்கள். ரோட்டைப் பார்த்து முன் கட்டடம், அதில் ஆபீஸ். நடுவில் துணி காயப்போடும் வெட்டவெளி. அதைத் தாண்டிப் பின் கட்டடம், தீர்த்தமாட வருகிற குடும்பங்கள் தங்குவது அதில்தான். பின் கட்டடத்துக் கேமராக்களின் ஒயர்களெல்லாம் மாடி வராந்தா முடிவில் உள்ள ஒரு அலமாரிக்குள் போய், அங்கே உள்ளங்கை அகல நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றில் சேர்கின்றன. அந்த ஸ்விட்சிலிருந்து ஒரே ஒரு கேபிள் வெட்டவெளியைத் தாண்டி ஆபீசுக்கு வருகிறது. விருந்தாளிகளுடைய வைஃபையும் அதே கேபிளில்தான். அலமாரியில் ஸ்விட்சோடு துடைப்பம், வாளி, பினாயில் எல்லாம் குடியிருக்கின்றன. சாவி, அறைகளைச் சுத்தம் செய்யும் அக்காவிடம்.

மேனேஜர் என்னை ஆபீசில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். போன வாரம் வடக்கிலிருந்து வந்த ஒரு குடும்பம், தலையணைக்கு அடியில் வைத்த செயினைக் காணவில்லை என்றது. தீர்த்தமாடப் போவதற்கு முன்னால் கழற்றி வைத்ததாம். திரும்பி வந்தால் இல்லை. கேமராவைப் பார்த்தால், சரியாக அந்த நேரத்துக்குப் படம் இல்லை.

"அன்னைக்கு மட்டுமில்லம்மா. பின்னாடி போட்டுப் பாத்தேன். ராத்திரி பூரா படம் கண்ணாடி மாதிரி ஓடுது. மத்தியானத்துக்கு மேலயும் ஓடுது. காலையில அவ கூட்டித் தூத்துறா பாரு, அந்த நேரத்துக்கு மட்டும் போயிருது. டெய்லி! ஸ்விட்ச் எங்கன இருக்கு? அலமாரியில. சாவி ஆருகிட்ட இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலை நானே சொல்ல வேண்டும் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

எனக்கு அவருடைய கணக்கு பிடிக்கவில்லை. ஆனால் தப்பு எங்கே என்றும் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னால், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"அந்தக் குடும்பம் போலீசுக்குப் போகல. நான்தான் வேணாம்னு கையக் காலப் பிடிச்சேன். நீ கேமராவப் போடு. நாளைக்குக் காலையில அவ கதவத் தொறந்து பிளக்கப் புடுங்குறது பதிவாகட்டும். அப்பறம் குரூப்ல போட்டுவிட்டுர்றேன்."

அந்த ஊர் லாட்ஜ் மேனேஜர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. கள்ள நோட்டுக் கொடுத்தவன், வாடகை தராமல் ஓடியவன், துண்டைத் தூக்கிக்கொண்டு போனவன் படமெல்லாம் அதில் வரும். அதில் ஒருத்தியின் படம் வந்துவிட்டால் தீவில் எந்த லாட்ஜிலும் அவளுக்குத் துடைப்பம் கொடுக்கமாட்டார்கள். இந்த அக்காவுடைய தங்கையும் அடுத்த தெரு லாட்ஜில்தான் வேலை செய்கிறாளாம். அவளுக்கும் சேர்த்துத்தான்.

பின் கட்டடத்துக்குப் போனேன். மாடிப்படியின் கீழ்ப்படியில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மாதா பதக்கம். மாடிக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், அலமாரியைத் திறக்க வேண்டும் என்றால் மட்டும் போகலாமாம். அதாவது மாட்டிக்கொள்வதற்கு மட்டும் அனுமதி.

"வேலை இல்லன்னா வீட்டுக்குப் போயிருக்கலாம்ல யக்கா?" என்று கேட்டேன்.

"போனா எடுத்தவ நான்தான்னு ஆயிரும்ல தாயி. இங்கனயே உக்காந்திருக்கேன். பாக்குறவுக பாக்கட்டும்."

அவர் சாவியைக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு ஏறினேன்.

அலமாரி பினாயில் வாசனையோடு திறந்தது. ஸ்விட்ச் புதிது, பஜாரில் கிடைக்கிற மலிவு வகை. அதற்குள் போய் எந்தச் செட்டிங்கையும் மாற்ற முடியாது, மாட்டினால் தானாக ஓடும், அவ்வளவுதான். ஆபீசிலிருந்து வரும் கேபிள் மாட்டிய இடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பச்சை என்றால் வேகம் ஆயிரம், மஞ்சள் என்றால் நூறு. லேப்டாப்பை மாட்டி, லைனைச் சோதிக்க ஆபீசுக்குப் பிங் அடித்தேன். ஒன்றுகூட விழாமல் சுத்தமாகப் போய்ச் சுத்தமாகத் திரும்பி வந்தது.

பின்னாலேயே ஏறிவந்த மேனேஜர் மூச்சு வாங்கியபடி கேட்டார். "லைன் நல்லா இருக்குல்ல?"

"பிங் நல்லா இருக்கு."

"பாத்தியா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிங் நல்லா இருக்கு என்றால் பிங் நல்லா இருக்கு என்றுதான் அர்த்தம். யாரும் இல்லாத ரோட்டில் ஒரு சைக்கிள் போய்த் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். அதை வைத்து ஒரு மனுஷியைத் திருடி ஆக்க முடியாது. "இருங்கண்ணே, வேலைய முடிக்க விடுங்க" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு இறங்கிப்போய்ப் பழைய பதிவைப் போட்டுப் பார்த்தேன்.

அங்கேதான் மூக்கு வேர்த்தது. பிளக்கைப் பிடுங்கினால் பின் கட்டடத்துக் கேமராக்கள் எல்லாம் ஒரே நொடியில் போக வேண்டும், ஒரே சமயத்தில் திரும்ப வேண்டும். இங்கே அப்படி இல்லை. வராந்தா கேமரா போகிறது, வாசல் கேமரா ஓடுகிறது. கொஞ்சம் கழித்து வாசல் போகிறது, வராந்தா துண்டு துண்டாக வருகிறது. ஒரு ஆள் அலமாரிக்குள் நின்று அப்படி மாற்றி மாற்றிப் பிடுங்க வேண்டும் என்றால் அதற்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

ஆபீசில் இருந்த ஸ்விட்ச் பெரியது. உள்ளே நுழைந்து பார்க்கலாம், மாற்றலாம். பின் கட்டடத்துக்குப் போகும் கேபிளின் போர்ட்டைத் திரையில் திறந்தேன். வேகம் நூறு, ஃபுல் டூப்ளெக்ஸ், ஆட்டோ இல்லை. நூறில் கட்டிப்போட்டிருந்தார்கள். அதன் கீழே, உருப்படாமல் வந்து சேர்ந்த தகவல் பாக்கெட்டுகளின் எண்ணிக்கை, எண்ணிப் படிக்கவே அலுப்பாகிற நீளத்தில் இருந்தது.

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்தேன். மேனேஜர் பயந்துவிட்டார்.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்கு வந்த புதிதில் ராமநாதபுரம் பிரவுசிங் சென்டர்களில் ஓடியது பத்து. ஒரு நொடிக்குப் பத்து மெகாபிட். எல்லாக் கம்ப்யூட்டரும் ஹப் என்ற ஒரு டப்பாவில் தொங்கும். ஒரு சமயத்தில் ஒன்றுதான் பேசலாம், அதற்கு ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று பெயர். இரண்டு சேர்ந்து பேசினால் இரண்டும் மோதி, இரண்டும் நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆரம்பிக்கும். மோதினால் எரிவதற்கென்றே ஒரு விளக்கு இருந்தது. சாயங்காலமானால் அது அணையவே அணையாது. அப்புறம் நூறு வந்தது. ஹப் போய் ஸ்விட்ச் வந்தது. போவதற்கு ஒரு ஜோடிக் கம்பி, வருவதற்கு ஒரு ஜோடி, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பேசலாம், மோதலே கிடையாது. அதுதான் ஃபுல் டூப்ளெக்ஸ். அப்புறம் ஆயிரம். அதற்குக் கேபிளுக்குள் இருக்கும் நாலு ஜோடியும் வேண்டும்.

இத்தனை தலைமுறையும் ஒரே மாதிரிச் சொருகுகிற கேபிளில் ஓடுவதால், மாட்டினவுடன் இரண்டு முனையும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். எனக்கு இன்ன வேகம் வரும், ஃபுல் வரும், உனக்கு? இரண்டுக்கும் பொதுவானதில் உயர்ந்தது எதுவோ அதில் நிற்கும். இதுதான் ஆட்டோ நெகோஷியேஷன். இரண்டு முனையும் பேசினால்தான் இது நடக்கும்.

தீவில் ஒரு பழக்கம் உண்டு. உப்புக் காற்று கேபிளைத் தின்றுவிடும். முனையில் இருக்கும் செப்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடித்து, நாலு ஜோடியில் ஒன்று செத்துப்போகும். ஆயிரத்துக்கு நாலும் வேண்டும் என்பதால் லைன் விழுந்து விழுந்து எழும். நூறுக்கு இரண்டு ஜோடி போதும். அதனால் இங்குள்ள ஆட்கள் கேபிளை மாற்றமாட்டார்கள், இரண்டு பக்கத்து ஸ்விட்சிலும் நுழைந்து ஆட்டோவை அணைத்து, "நூறுல கட்டிப்போடு" என்பார்கள். ஒட்டுப்போட்ட படகு மாதிரி அது பாட்டுக்கு ஓடும். ராமநாதபுரத்தில் யாரும் இப்படிச் செய்வதில்லை. தீவில் இதைத் தெரியாத டெக்னீஷியனே இல்லை. இரண்டு முனையையும் கட்டினால் குற்றமில்லை. ஒரு முனையை மட்டும் கட்டினால்தான் வினை.

"அண்ணே, அலமாரியில முன்னாடி வேற ஸ்விட்ச் இருந்துச்சா?"

"இருந்துச்சு. துருப்பிடிச்சு செத்துப்போச்சு. நானே பஜார்ல புதுசு வாங்கியாந்து எலக்ட்ரீசியன விட்டு மாட்டுனேன். மாட்டுனதும் லைட்டு எரிஞ்சிருச்சே!" முகத்தில் ஒரு பெருமை.

பழைய ஸ்விட்ச் இதேபோல் நூறில் கட்டியது. செத்துப்போனதும் கட்டும் அதோடு போய்விட்டது. புதியது வந்து உட்கார்ந்து, எதிர்முனையைப் பார்த்து விசாரித்திருக்கிறது. ஆபீஸ் முனை வாயைத் திறக்கவில்லை, ஆட்டோவைத்தான் அணைத்தாயிற்றே. வருகிற சிக்னலைப் பார்த்து நூறு என்பதைப் புதியது தானாகத் தெரிந்துகொண்டது. ஆனால் ஃபுல்லா ஹாஃபா என்பதை எதிராளி சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால் ஹாஃப் என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்த மலிவு ஸ்விட்ச் விதிப்படி நடந்துகொண்டது. மஞ்சள் விளக்கு நூறு என்று மட்டும்தான் சொல்லும். ஃபுல்லா ஹாஃபா என்று காட்டுகிற விளக்கைப் பழைய டப்பாக்களில் வைத்தார்கள், இப்போது அதை மிச்சம் பிடித்துவிட்டார்கள்.

மேனேஜருக்கு இதைச் சொன்னேன். சுவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"பாம்பன்ல ரோட்டுப் பாலத்துல வண்டி எப்படிப் போகுது?"

"போகுது, வருது."

"ரயில் பாலத்துல?"

"ஒண்ணு போனாத்தான் ஒண்ணு வரும்."

"இந்தக் கேபிளோட ஆபீஸ் முனை இத ரோட்டுப் பாலம்னு நெனச்சுக்கிட்டு இஷ்டத்துக்கு அனுப்புது. அலமாரி முனை ரயில் பாலம்னு நெனச்சுக்கிட்டு, எதிர்ல ஒண்ணு வந்தாப் பாதியில நிறுத்தி, அனுப்புனதக் கீழ போட்டுருது. கூட்டமில்லாத நேரத்துல ரெண்டும் எதிர எதிர வர்றதில்ல, அதான் ராத்திரி படம் நல்லாருக்கு. காலையில உங்க விருந்தாளிக ஒவ்வொரு குடும்பமாத் தீர்த்தமாடிட்டு வந்து ஈரத்தோட உக்காந்து, எல்லாரும் போன எடுத்து வீடியோ பாக்குறாக. அம்புட்டும் எதிர்ல வருது. கேமரா படம் போற வழியில நொறுங்கிருது."

"அவ தூத்துறப்ப?"

"அவுக தூத்துற நேரமும் அதுதான. தீர்த்தமாடப் போற நேரத்துல தூத்த ஆரம்பிச்சு, வர்ற நேரத்துல முடிக்கிறாக."

மேனேஜர் ஸ்விட்சை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு, "எனக்குக் கண்ணால காட்டு" என்றார். அந்த ஆளிடம் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

காட்டினேன். அலமாரியைப் பூட்டிச் சாவியை மேனேஜர் கையிலேயே கொடுத்து, அதன் முன்னால் நிற்கச் சொன்னேன். அவருடைய போனில் கேமராப் படம் பார்க்கிற ஆப் இருந்தது, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதைத் திறக்கச் சொன்னேன். அந்த அக்காவையும் கூப்பிட்டு அவர் பக்கத்தில் நிறுத்தினேன். வரத் தயங்கினார். "கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க யக்கா, போதும்" என்றேன். நிஜமாகவே கட்டிக்கொண்டு நின்றார். என் லேப்டாப்பைப் பின் கட்டடத்து வைஃபையில் சேர்த்து, ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு பெரிய ஃபைலை அனுப்பவும், அங்கிருந்து இன்னொன்றை இழுக்கவும் சேர்ந்தாற்போல ஆரம்பித்தேன்.

போனில் வராந்தாப் படம் உறைந்து நின்றது. பிறகு வாசல். பிறகு வராந்தா கொஞ்சம் அசைந்து மறுபடி நின்றது.

மேனேஜர் போனைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். பூட்டை இழுத்துக்கூடப் பார்த்தார். அது பூட்டியே இருந்தது. பக்கத்தில் அந்த அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாதாவே" என்றார் அந்த அக்கா.

அதோடு விட்டிருந்தால் வெற்றி. சரிசெய்து காட்டுகிறேன் பார் என்று ஆபீசுக்கு ஓடிப்போய் அந்த முனையை ஆட்டோவுக்கு மாற்றினேன். மொத்தமும் செத்துப்போனது. ஒரு கேமரா இல்லை, வைஃபை இல்லை. மாடியிலிருந்து, "ஏம்மா, உள்ளதும் போச்சே!" என்று மேனேஜர் கத்தினார். பக்கத்தில் நிற்கிற அக்காவை அவர் இப்போது எப்படிப் பார்ப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கட்டிப்போட்டவன் சும்மா கட்டவில்லை என்பதைத்தான் மறந்திருந்தேன். இரண்டு முனையும் இப்போது பேசிக்கொண்டு, இருவருக்கும் ஆயிரம் வரும் என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டன. பேசுவதற்கு நல்ல ஜோடிகளே போதும். ஓடுவதற்கு நாலும் வேண்டும், நாலில் ஒன்று உப்பில் செத்துக் கிடந்தது. ஒப்புக்கொள்வதும், ஓட முடியாமல் விழுவதும், மறுபடி ஒப்புக்கொள்வதுமாக இருந்தன. ஆபீஸ் முனையில் ஆட்டோவை அப்படியே விட்டுவிட்டு, எனக்கு வருவது நூறு ஃபுல் மட்டும்தான் என்று சொல்லும்படி மாற்றினேன். ஆயிரத்தைப் பற்றி வாயே திறக்காதே. விளக்கு எரிந்தது. இந்தத் தடவை இரண்டு முனையும் பேசி, இரண்டும் ஃபுல் என்று நின்றன.

மேலே போய் மறுபடி அதே ஃபைல்களை இரு பக்கமும் ஓட்டினேன். மேனேஜர் போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். படம் நிற்கவில்லை. மேனேஜர் கையை ஆட்டினார், படத்திலும் மேனேஜர் கையை ஆட்டினார்.

"சரி, கேபிள்தான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா செயினு?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு ஏணி இருந்திருந்தால் எடுத்து அடித்திருப்பேன். "செயின நான் எப்பிடிண்ணே கண்டுபிடிக்கிறது? கேபிளுக்குள்ளயா இருக்கு? அந்த அக்கா பிளக்கப் புடுங்குனாகன்னுதான சொன்னீக? புடுங்கல. அத மட்டும்தான் எனக்குத் தெரியும். குரூப்ல போடுறதா இருந்தா என் படத்தையும் சேத்துப் போடுங்க, நானுந்தான் அலமாரியத் தொறந்தேன்."

அவர் குழுவில் போடவில்லை. அன்று மாலையே அந்த அக்காவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து மாடியையும் பார்க்கச் சொன்னார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சாவியை மட்டும் நீட்டி, "இந்தா" என்றார்.

அந்த அக்கா வாங்கவில்லை. "நீங்களே வச்சுக்கங்க சார். வேணுங்குறப்ப வந்து வாங்கிக்கிறேன்" என்றார்.

துடைப்பம் எடுக்க ஒவ்வொரு தடவையும் ஆபீசுக்கு வந்து போவதா என்று மேனேஜர் முணுமுணுத்தார். நான் டூல் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு உள்ளுக்குள் நிறைவாகத்தான் இருந்தது. ஒரு கேபிளைப் பேசவைத்து ஒரு ஆளைக் காப்பாற்றிவிட்டேன் என்று பாலம் தாண்டும்வரை நினைத்துக்கொண்டே போனேன்.

அடுத்த மாதம் கேபிளை மாற்றக் கூப்பிட்டார்கள். வெட்டவெளிக்குக் குழாய் போட்டு, உள்ளே புதுக் கேபிள் இழுத்து, முனைகளைக் காற்றுப் புகாமல் அடைத்தேன். ஆபீஸ் முனையை முழு ஆட்டோவுக்கு விட்டேன். இரண்டும் பேசி ஆயிரத்தில் நின்றன, பச்சை விளக்கு. வேலை முடிந்ததும் வழக்கம்போல் முந்தைய நாட்களின் காலைப் பதிவை ஓட்டிப் பார்த்தேன், நூறில் இருந்தபோது எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று.

எங்கும் விட்டுப்போகவில்லை. ஒவ்வொரு நொடியும் இருந்தது. ஈரத் துணியோடு குடும்பங்கள் போகின்றன, வருகின்றன. அந்த அக்கா ஒரு அறையிலிருந்து வெளியே வருகிறார். வாளியைக் கீழே வைக்கிறார். நேராகக் கேமராவுக்குக் கீழே வந்து நின்று, துடைக்கிற துணியை உதறிக் காட்டுகிறார். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறார். திருப்பிப் புறங்கையையும் காட்டுகிறார். முந்தானையை உதறுகிறார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறார். அதிலிருந்து வந்ததும் மறுபடி. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

வேகமாக ஓட்டினேன். வேகமாக ஓட்டினால் அந்த அக்கா கைகளை விரித்து விரித்து மூடுவது மட்டும்தான் தெரிந்தது. நிறுத்திவிட்டேன்.

"இது என்னண்ணே?"

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அதா? அது அவளா செய்யிறது. நான் சொல்லல. ஆமா, உங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன் பாரு, அந்தச் செயின் கெடச்சிருச்சாம். மாமியாக்காரி பத்திரமா இருக்கட்டும்னு மருந்துப் பையில முடிஞ்சு வச்சிருக்கா. ஊருக்குப் போயித்தான் பாத்திருக்காக. போன் பண்ணாக, ரெண்டு வாரம் இருக்கும்."

"அந்த அக்காகிட்டச் சொன்னீகளா?"

"எதுக்கு? அதான் வேலைக்கு வந்துக்கிட்டுத்தான இருக்கா."

அவரை என்ன செய்வது? கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். மருந்துப் பைக்குள் கிடைத்தது என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், அவருக்கு அது தோன்றவே இல்லை. நான் நேராகப் பின் கட்டடத்துக்குப் போனேன். மாடியில் அந்த அக்கா ஒரு அறைக்குள் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார்.

"யக்கா, செயின் கெடச்சிருச்சாம். அவுக பையிலயே இருந்திருக்கு. ரெண்டு வாரமாச்சாம்."

நிமிர்ந்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். பதக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன், அழவில்லை.

"நல்லாருக்கட்டும்" என்றார். "செயினத் தொலைச்ச அந்தப் பிள்ளையும் எம்புட்டுத் தவிச்சிருக்கும்."

"இனிமே நீங்க கேமராவுக்குக் கீழ நின்னு அப்பிடிச் செய்ய வேணாம் யக்கா. எல்லாம் சரியாயிருச்சு."

"படம் இப்ப விட்டுப் போகுதா தாயி?"

"இல்ல. புதுக் கேபிளு. இனிமே போகாது."

"எல்லா நேரமும் விழுதா? காலையிலயும்?"

"காலையிலயும் விழுது."

"அப்பச் சரி" என்றார். அறையைப் பூட்டினார். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவுக்குக் கீழே போய் நின்று, துணியை உதறி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார், திருப்பியும் காட்டினார். இன்னும் சில அறைகள் பாக்கி இருந்தன. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கதவைத் திறந்தார்.